வாட்டர் பியூரிஃபையர் போட்டோவை வைத்துச் சரியான ஃபில்டர் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஆர்.ஓ. ஸ்பேர் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் வாட்ஸ்அப்பில் நாலைந்து மெஷின் படங்கள் வந்து கிடக்கும். கூடவே வரும் கேள்விகளும் அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

"மெஷினோட முன்பக்கம் தெளிவா போட்டோ எடுத்து அனுப்பிட்டேனே. அதை வச்சு ஃபில்டர் எதுன்னு சொல்ல முடியாதாங்க?"

பெரும்பாலும் முடியாது. முன்பக்கத்தில் தெரிவது பிளாஸ்டிக் கேபினட் மட்டும்தான். ஊரில் ஓடும் ஆர்.ஓ. மெஷின்களில் நிறைய அசெம்பிள் செய்யப்பட்டவை. கேபினட் ஒரு இடத்தில், பம்ப் ஒரு இடத்தில், உப்பை வடிகட்டும் மெம்பிரேன் ஒரு இடத்தில் வாங்கிப் பூட்டி, மேலே தங்கள் பெயர் ஸ்டிக்கரை ஒட்டி விற்பார்கள். "டால்பின்", "அக்வா கிராண்ட்" என்று சொல்கிறார்களே, எங்கள் தொழிலில் அவை கேபினட்டின் வடிவத்தைக் குறிக்கிற பெயர்கள். அதே வடிவத்தில் பத்துப் பேர் பத்துப் பெயரில் மெஷின் விற்பார்கள், உள்ளே இருப்பது ஆளுக்கு ஆள் மாறும்.

பெரிய கம்பெனி மெஷினிலும் முன்பக்கப் பெயர் பாதி விஷயத்தைத்தான் சொல்லும். ஒரே பெயரில் பல வருடங்களாகப் பல மாடல்கள் வந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் கார்ட்ரிட்ஜ் வேறாக இருக்கலாம். நம் ஊரில் எந்த பியூரிஃபையரையும் "அக்வாகார்டு" என்றே சொல்லும் பழக்கம் வேறு இருக்கிறது. "எங்க வீட்டு அக்வாகார்டுக்கு ஃபில்டர் வேணும்" என்று கேட்பார்கள், படத்தைப் பார்த்தால் அது வேறு கம்பெனி மெஷின்.

கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாலும் இதே சிக்கல்தான். அது கேபினட்டுக்குக் கேபினட்டைப் பொருத்தி, அதேபோல் இருக்கும் மெஷின்களையெல்லாம் காட்டும். கம்பெனி பெயரைக் கண்டுபிடிக்க உதவும். அதில் வருகிற "இதற்கேற்ற ஃபில்டர் செட்" விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

"அப்போ எதையெல்லாம் போட்டோ எடுக்கணும்?"

மெஷினின் ஸ்டிக்கர், மூடியைத் திறந்தபின் தெரியும் உள்பக்கம் முழுதும், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் லேபிளும் இரண்டு முனைகளும், அப்புறம் சுவரில் தனியாக மாட்டியிருக்கும் முன்ஃபில்டர். இந்த நான்கும் இருந்தால் பத்தில் ஒன்பது மெஷினுக்கு நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லிவிடுவேன்.

மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், தண்ணீர் வரும் வால்வையும் மூடிவிடுங்கள். சில கேபினட்டில் முன்மூடியை மேலே தூக்கினால் கழன்று வரும், சிலதில் பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். வரவில்லையென்றால் பலமாக இழுக்காதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

உள்பக்கப் படத்தில் ஒரு ட்யூப்கூட ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது. எந்த ட்யூப் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். ஒரு படத்தில் அடங்கவில்லையென்றால் மெதுவாக நகர்த்தி ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள். லேபிளை எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பான ஸ்டிக்கரில் வெளிச்சம் திரும்பி அடித்து எழுத்தே தெரியாது. அச்சு மங்கியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வேறொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்து எடுங்கள். அழிந்துபோன எழுத்துகூட ஓரளவு தெரியும்.

"ஸ்டிக்கர்ல ஏகப்பட்ட நம்பர் இருக்கு. எது மாடல் நம்பர்?"

மாடல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதுதான். சிரிக்காதீர்கள், இதில் தடுமாறுகிறவர்கள் அதிகம். அடிக்கடி எனக்கு வருவது ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே உள்ள ஐஎஸ் 16240. அது ஆர்.ஓ. வீட்டு மெஷின்களுக்கான இந்தியத் தர நிர்ணய எண், முத்திரை பெற்ற எல்லா ஆர்.ஓ. மெஷினிலும் அதே எண்தான் இருக்கும். முத்திரையின் கீழே இருக்கும் நீளமான எண் தயாரிப்பாளரின் உரிம எண். ஃபில்டர் எது என்று சொல்ல இரண்டுமே உதவாது.

இன்னும் சிலர் அடாப்டரின் ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அதிலிருந்து 24 வோல்ட் பம்ப் என்பது மட்டும் தெரியும். கம்பெனி மெஷினாக இருந்தால் மாடல் பெயரோடு சீரியல் நம்பரையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே மாடலில் நடுவில் கார்ட்ரிட்ஜை மாற்றியிருந்தால், கம்பெனியில் கேட்கும்போது சீரியல் நம்பரை வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள். ஸ்டிக்கர் பொதுவாகப் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் இருக்கும். சுவரில் மாட்டிய மெஷினைக் கழற்ற வேண்டாம், இடுக்கில் போனை நுழைத்து வீடியோ எடுத்தால் போதும்.

"உள்ள மூணு வெள்ளைக் குழாய் ஒரே மாதிரி இருக்கு. லேபிளும் இல்லை. எது எதுன்னு எப்படித் தெரியும்?"

இடது, நடு, வலது என்ற வரிசையை நம்ப வேண்டாம். அசெம்பிள் செய்தவர் கைக்கு எட்டிய இடத்தில் மாட்டியிருப்பார். ட்யூபின் நிறத்தையும் நம்ப வேண்டாம். தண்ணீர் போகும் வழியைப் பிடித்துப் போவதுதான் ஒரே வழி.

முதலில் மெம்பிரேன் இருக்கும் ஹவுசிங்கைக் கண்டுபிடியுங்கள். அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமனாக, ஒரு முனையில் திருகு மூடியோடு இருக்கும். அடையாளம் என்னவென்றால், மூடிப் பக்கம் ஒரு ட்யூப் உள்ளே போகும், மறுபக்கம் இரண்டு ட்யூப் வெளியே வரும். நடுவிலிருந்து வருவது நல்ல தண்ணீர், ஓரத்திலிருந்து வருவது கழிவுத் தண்ணீர். வீட்டு மெஷினில் ஒன்று உள்ளே, இரண்டு வெளியே என்றிருந்தால் அது மெம்பிரேன்தான்.

இப்போது வெளியிலிருந்து வரும் ட்யூபைப் பிடியுங்கள். மெம்பிரேனுக்கு முன்னால் அது கடக்கும் முதல் வெள்ளைக் குழாய் பொதுவாக செடிமென்ட், மண்ணையும் துருவையும் பிடிப்பது. இரண்டாவது கார்பன், குளோரினையும் வாடையையும் எடுப்பது. பம்ப் சில மெஷினில் இவற்றுக்கு முன்னால் இருக்கும், சிலதில் பின்னால் இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மெம்பிரேனின் நல்ல தண்ணீர் ட்யூபைப் பிடித்துப் போனால் டேங்குக்கு முன்னால் ஒரு குழாய் வரும். அது போஸ்ட் கார்பனாகவோ, யுஎஃப் மெம்பிரேனாகவோ, தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜாகவோ இருக்கலாம். இந்தக் கடைசிக் குழாயைப் படத்தில் மட்டும் பார்த்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். லேபிள் இல்லையென்றால் அதைக் கழற்றிக் கடைக்கே கொண்டுவரச் சொல்வேன்.

சந்தேகம் இருந்தால் கழற்றிய குழாயைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். தூள் கார்பன் அடைத்த குழாயில் மணல் போலச் சலசலக்கும், செடிமென்ட் சத்தமே போடாது. சத்தம் வராததாலேயே அது கார்பன் இல்லை என்று சொல்லிவிட முடியாது, கட்டியாக அழுத்திய கார்பனும் உண்டு.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், வீட்டு ஆர்.ஓ. மெம்பிரேனுக்குக் குளோரின் ஆகாது. கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு செடிமென்டை மாட்டிவிட்டால் மெஷின் வழக்கம்போல ஓடும், தண்ணீரும் வரும். நகராட்சித் தண்ணீரில் இருக்கிற குளோரின் மட்டும் நேராக மெம்பிரேனுக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக அதை அரித்துக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்து டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, ஏறும்போதுதான் தெரியவரும்.

"முனை முனைன்னு கேக்கறீங்களே, முனையில என்ன இருக்கு?"

இந்த இன்லைன் குழாய்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, முனையில் மரை வெட்டியிருக்கும். அதில் டெஃப்லான் டேப் சுற்றிய எல்போவைத் திருக வேண்டும். மற்றது, ட்யூபை அப்படியே உள்ளே அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் புஷ் ரகம். உடம்பு ஒரே அளவாக இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கினால் மாட்ட முடியாது, கூடவே ஃபிட்டிங்கும் வாங்க வேண்டிவரும். படத்தில் முனையோரம் வெள்ளை டேப் எட்டிப் பார்த்தால் மரை ரகம்.

ட்யூபின் அளவும் முக்கியம். வீட்டு மெஷினுக்குள் பெரும்பாலும் கால் அங்குல ட்யூப் ஓடும், சில இடங்களில் 3/8 அங்குலமும் வரும். ட்யூபின்மேலேயே அளவை அச்சடித்திருப்பார்கள், அதைப் படம் எடுத்தால் போதும்.

"சுவத்துல மாட்டியிருக்கற பெரிய ஃபில்டர் 10 இன்ச் தானே? படத்துல பாத்தாலே தெரியுதே!"

படத்தில் பார்த்து ஏமாறுவது இங்கேதான். நானே ஏமாந்திருக்கிறேன்.

உள்ளே இருக்கும் பஞ்சு கேண்டில், அதாவது ஸ்பன் கார்ட்ரிட்ஜ், பொதுவாக நான்கு அளவில் வரும். நீளம் 10 அங்குலம் அல்லது 20 அங்குலம், தடிமனில் ஒல்லியானது இரண்டரை அங்குலக் குறுக்களவு, தடித்தது நாலரை அங்குலக் குறுக்களவு. தடித்ததை ஜம்போ என்போம். இப்போது நீளத்தைக் குறுக்களவால் வகுத்துப் பாருங்கள். 10 அங்குல ஒல்லிக்கு 4 வரும். 20 அங்குல ஜம்போவுக்குச் சுமார் 4.4 வரும். பக்கத்தில் வேறெதுவும் இல்லாத படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போல அச்சு அசலாக இருக்கும். ஒன்று கையடக்கம், மற்றது முழங்கை நீளத்துக்கும் மேல். 20 அங்குல ஒல்லியும் 10 அங்குல ஜம்போவும் அப்படிக் குழப்பாது, முதலாவது எட்டுப் பங்கு நீளமாக மெலிந்து தெரியும், இரண்டாவது குண்டாகக் குட்டையாகத் தெரியும்.

ஒருமுறை அபார்ட்மென்ட் ஒன்றிலிருந்து வந்த படத்தைப் பார்த்து 10 அங்குல கேண்டில் நாலு கொடுத்தனுப்பினேன். மாடியில் டேங்குக்குப் போகும் லைனில் மாட்டிய 20 அங்குல ஜம்போ அது. கொண்டுபோன பையன் மாடி ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

அதனால் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டினாற்போல வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஸ்கேல் முன்னால், கார்ட்ரிட்ஜ் பின்னால் என்று வைத்தால் அளவு தப்பாகத் தெரியும், போனுக்கு அருகில் இருப்பது பெரிதாகத்தான் விழும். ஸ்கேலில் சரியாக 10 வராது, ஒரு நூல் குறைவாக இருக்கும். பயப்பட வேண்டாம், 10 என்பது பேச்சளவு. கேண்டிலின் துளை அளவு வீட்டுக்கு வழக்கமாக 5 மைக்ரான் போதும். பழைய கார்ட்ரிட்ஜில் வேறு எண் இருந்தால் அதையே கேளுங்கள்.

"ஒரு மெஷினை முழுசா எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்."

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அக்கா. தண்ணீர் மெதுவாக வருகிறது, ஃபில்டர் செட் ஆன்லைனில் போடலாமா என்று கேட்டு முன்பக்கப் படம் அனுப்பினார். நீல மூடி, விற்றவர் ஒட்டிய பெயர், அவ்வளவுதான். பக்கவாட்டு ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப்போய் ஒன்றும் படிக்க முடியவில்லை. அவர் வாங்கவிருந்த செட்டின் லிங்கையும் அனுப்பியிருந்தார். கேபினட் ஒரே வடிவமாக இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மூடியைத் திறந்து எடுத்த படம் வந்ததும் பாதி வேலை முடிந்தது. முதல் குழாயில் செடிமென்ட் என்ற லேபிளும் தண்ணீர் போகும் திசைக்கான அம்புக்குறியும் தெரிந்தன. இரண்டாவதில் லேபிள் இல்லை. முதல் குழாயிலிருந்து வந்த ட்யூப் அதற்குள் போய், அங்கிருந்து பம்புக்குப் போயிற்று. குலுக்கிப் பார்க்கச் சொன்னேன், சலசலத்தது. ஆக கார்பன். மூன்றாவது, மெம்பிரேனின் நல்ல தண்ணீர் வழியில் டேங்குக்கு முன்னால் இருந்தது, அதன் லேபிளில் போஸ்ட் கார்பன் என்றே இருந்தது. எல்லா முனையிலும் வெள்ளை டேப். அவர் வாங்கவிருந்த செட்டோ முழுக்கப் புஷ் ரகம், ஒன்றுகூட மாட்டியிருக்க முடியாது.

சுவரில் இருந்த ஸ்பன் கேண்டிலை ஸ்கேல் வைத்து எடுத்திருந்தார், 10 அங்குல ஒல்லி. காவி நிறத்தில் சேறாக இருந்தது.

மெம்பிரேனும் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். அதைப் படத்தில் சொல்ல முடியாது, டிடிஎஸ் மீட்டர் வேண்டும். பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தது. உள்ளே வரும் தண்ணீர் 640, மெம்பிரேனிலிருந்து நேராக வரும் நல்ல தண்ணீர் 48. அதாவது 92 சதவீதத்துக்கு மேல் உப்பை நிறுத்துகிறது, மெம்பிரேன் நன்றாகத்தான் இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் குழாயில் அளந்திருந்தால் இந்தக் கணக்கு தப்பியிருக்கும். அந்த மெஷினில் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருந்தது, ருசிக்காகக் கொஞ்சம் மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரையும் கலந்துவிடும் வால்வு அது. தண்ணீர் மெதுவாக வந்ததற்குக் காரணம் அடைத்துப்போன கேண்டிலும் செடிமென்டும். கேண்டில், செடிமென்ட், கார்பன் மூன்றை மட்டும் வாங்கிப் போனார்.

"மெம்பிரேன்ல 75, 80, 100னு இருக்கு. பெருசா போட்டா தண்ணி வேகமா வருமா?"

அந்த எண் ஜிபிடி, ஒரு நாளைக்கு எத்தனை கேலன் என்பது. 75 என்றால் நாளுக்குச் சுமார் 284 லிட்டர், மணிக்குக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு லிட்டர். வீட்டு மெஷினில் வழக்கமாக இருப்பது 1812 அளவு, 1.8 அங்குலக் குறுக்களவு, 12 அங்குல நீளம். மூன்று எண்ணிலும் இந்த அளவில் மெம்பிரேன் கிடைப்பதால் ஹவுசிங்குக்குள் எது வேண்டுமானாலும் நுழையும். நுழைகிறது என்பதற்காக மாற்ற வேண்டாம். பம்பும், கழிவு ட்யூபில் இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரும் பழைய மெம்பிரேனுக்குத் தக்கபடி போட்டவை. மெம்பிரேனை மட்டும் பெரிதாக்கினால் அழுத்தம் போதாமல் நினைத்த வேகம் வராது.

அந்த ரெஸ்ட்ரிக்டரையும் ஒரு படம் எடுங்கள். விரல் நீளத்துக்குச் சின்னதாக இருக்கும், மேலே 300, 450 என்று எண் போட்டிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை மில்லி கழிவை விடுகிறது என்பது அது. மாற்றினால் அதே எண்ணில் மாற்றுங்கள். குறைந்த எண் போட்டால் கழிவு மிச்சமாவது போலத் தெரியும், ஆனால் உப்பு வெளியேறாமல் மெம்பிரேனிலேயே படியும்.

"எங்க மெஷின்ல குழாயே இல்லை. கார்ட்ரிட்ஜைத் திருப்பினா அப்படியே கழண்டு வருது. அதுக்கு?"

அது அந்தக் கம்பெனிக்கே உரிய கார்ட்ரிட்ஜ். உடம்பைப் படம் எடுத்துப் பயனில்லை. கழற்றி அதன் கழுத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கள். எத்தனை ஓ-ரிங், காது போல நீட்டியிருப்பவை எத்தனை, எந்த இடத்தில் என்பதில்தான் வித்தியாசம் இருக்கும். இந்த ரகத்துக்கு நான் மாற்றுச் சரக்கைப் பரிந்துரைப்பதில்லை. கழுத்து ஒரு இழை மாறினாலும் ராத்திரியில் சொட்டத் தொடங்கும். பார்ட் நம்பர் பழைய கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும், அதைச் சொல்லிக் கம்பெனியிலேயே வாங்குங்கள்.

"கரண்ட் இல்லாம ஓடற பியூரிட் மாதிரி மெஷினுக்கும் இதேதானா?"

இல்லை, அது சுலபம். அதில் ட்யூபும் கிடையாது, பம்பும் கிடையாது. மாடல் பெயரும், பழைய ஜெர்ம்கில் கிட்டின்மேல் போட்டிருக்கும் 1500 அல்லது 3000 லிட்டர் என்ற எண்ணும் தெரிந்தால் போதும். பியூரிட் 2024இல் ஹிந்துஸ்தான் யூனிலீவரிடமிருந்து ஏ.ஓ. ஸ்மித்துக்குக் கைமாறியது. அதனால் புதுப் பெட்டியில் வேறு கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

"வாங்கிட்டேன். பழசைத் தூக்கிப் போட்டுடலாமா?"

புதியதை மாட்டி, ஒரு நாள் சொட்டாமல் ஓடும்வரை வைத்திருங்கள். மாட்டுவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நீளம், முனை, அம்புக்குறியின் திசை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் இதைப் பார்த்துவிட்டால் கடையில் மாற்றித் தருவதும் எளிது. புதுக் கார்பன் போட்டதும் முதலில் கறுப்பாகத் தண்ணீர் வரும், பயந்து போன் செய்யாதீர்கள், முதல் டேங்கை அப்படியே கொட்டிவிடுங்கள். அப்புறம் பழைய லேபிள்களின் படங்களைப் போனில் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த வருடம் எனக்கு அதை ஃபார்வர்டு செய்தால் போதும், மூடியைத் திறக்கும் வேலை மிச்சம்.